தொட்டியில் எவ்வளவு பிளீச்சிங் பவுடர்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறோம். கிணற்றுத் தண்ணீரை 1000 லிட்டர் தொட்டிக்கு ஏற்றுகிறோம். பக்கத்து வீட்டுப் பையனுக்கு மஞ்சள் காமாலை. குளோரின் 0.5 பிபிஎம், அதாவது 1000 லிட்டருக்கு அரை கிராம், இருக்க வேண்டும் என்றார்கள். கணக்குப் போட்டு 2 கிராம் பவுடர் கலந்தேன். சோதனைக் குப்பியில் மஞ்சள் நிறமே வரவில்லை. ஏன்?

பதில்: 0.5 பிபிஎம் என்பது போடுகிற அளவில்லை அம்மா, ஒரு மணி நேரம் கழித்து மிச்சம் நிற்க வேண்டிய அளவு. தண்ணீரில் கலந்த இலைச்சாறு, பாசி, தொட்டியடிச் சேறு எல்லாம் முதலில் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். நீங்கள் போட்டது மொத்தமும் அதற்கே போய்விட்டது.

பவுடரையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். புதிதாக இருக்கும்போது அதில் சுமார் 33 சதவீதம் குளோரின் கிடைக்கும். பாக்கெட்டைத் திறந்து வைத்தால், அதுவும் நம் மழைக்கால ஈரத்தில், மளமளவென்று குறையும். கட்டி தட்டி, நெடியும் குறைந்திருந்தால் புதிது வாங்குங்கள். நான் 25 சதவீதம் என்று வைத்துக் கணக்கிடுகிறேன்.

முதலில் தொட்டியைக் கழுவி, நிரப்பி, மோட்டாரை நிறுத்துங்கள். 5 கிராம் பவுடரில் குளோரின் 1.25 கிராம், அதாவது 1000 லிட்டருக்கு 1.25 பிபிஎம். ஸ்பூன் கணக்கு வேண்டாம், சின்னத் தராசில் நிறுங்கள். பிளாஸ்டிக் மக்கில் கூழாகக் குழைத்து, தண்ணீர் சேர்த்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்குங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு. பவுடரை அப்படியே கொட்டிவிட்டு, குழாயில் வெள்ளையாக வருகிறதே என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு.

ஒரு மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். 0.2 காட்டினால் தண்ணீர் 1.05 பிபிஎம்மைத் தின்றிருக்கிறது. அதோடு 0.5 சேர்த்தால் 1.55, அதற்கு 6.2 கிராம் பவுடர். ஆகவே இன்னும் 1.2 கிராம் கரைத்து ஊற்றி, மறுபடி ஒரு மணி நேரம் காத்திருங்கள். நிறமே வரவில்லை என்றால் இந்தக் கழித்தல் செல்லாது. இன்னொரு 5 கிராம் சேர்த்துவிட்டுச் சோதியுங்கள்.

உங்கள் குப்பி ஆர்த்தோடொலிடின் சொட்டு விடுகிற வகை என்றால், நிறத்தைப் பத்து விநாடிக்குள் பார்த்துவிடுங்கள். நேரம் போகப் போக ஏறுகிற மஞ்சள், வேறு பொருள்களோடு சேர்ந்துவிட்ட குளோரின். கிருமியைக் கொல்வதில் அது மந்தம், கணக்கில் சேராது. சோதித்த நீரைத் தொட்டியில் திரும்ப ஊற்றாதீர்கள், அந்த மருந்து நச்சு.

பெருமழை பெய்து கிணறு கலங்கினால் பழைய 6.2 கிராம் உதவாது, மறுபடி அளக்க வேண்டும். கலங்கல் தெளியும்வரை குளோரினை நம்பவும் வேண்டாம், கிருமிகள் மண்துகளுக்குள் ஒளிந்துகொள்ளும். பக்கத்தில் காமாலை இருக்கும்வரை, குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்தே கொடுங்கள்.