தேடலில் தென்படாத தையல் புரொஃபைல்

"அக்கா, நான் இந்த நாட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஒரு சேவைத் தளத்தில் தையல் வேலைக்குப் புரொஃபைல் போட்டிருக்கிறேன். தலைப்பு, 'அனுபவமுள்ள டெய்லர், எல்லா வேலையும் செய்யப்படும்'. பிரிவு, ஃபேஷன் டிசைன். தேடினால் நான் வருவதே இல்லை. என்ன செய்யட்டும்?"

முதலில் பிரிவை மாற்றுங்கள், தங்கச்சி. நிறைய பேர் பிரிவைத் தட்டித்தான் உள்ளே போவார்கள். தட்டியதுமே அந்தப் பிரிவில் இல்லாதவர்கள் பட்டியலிலிருந்து கழிந்துவிடுவார்கள். ஃபேஷன் டிசைனில் தேடுகிறவருக்கு வேண்டியது புது உடை வடிவமைத்துத் தருபவர். பேன்ட் நீளம் குறைக்க ஆள் தேடுகிறவர் அந்தப் பக்கமே வரமாட்டார். உங்கள் வேலைக்குத் துணி ஆல்டரேஷன் போன்ற உட்பிரிவுதான் பொருந்தும். எது என்று குழப்பமாக இருந்தால், உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, வாடிக்கையாளர் போலத் தேடிப் பாருங்கள். மேலே வருகிற நாலைந்து பேர் எந்தப் பிரிவில் இருக்கிறார்களோ, அதுதான்.

அப்புறம் தலைப்பு. 'அனுபவமுள்ள' என்று யாரும் தேடுவதில்லை. ஜிப் பழுதானவர் ஜிப் மாற்ற என்றுதான் தட்டுவார். தேடல் பெட்டியில் பாதிச் சொல்லைத் தட்டி நிறுத்தினால் கீழே சில பரிந்துரைகள் விரியும். பெரும்பாலும் அவை மற்றவர்கள் தேடிய சொற்கள். இங்குள்ளவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அதே சொற்களை, இந்த நாட்டு மொழியிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். 'துணி ஆல்டரேஷன்: ஜிப் மாற்றுதல், பேன்ட் நீளம் குறைத்தல்' என்கிற மாதிரி தலைப்பு வரட்டும். போனில் தலைப்பின் வால் வெட்டுப்படும் என்பதால் முக்கியமானது முன்னால் இருக்க வேண்டும். திரைச்சீலை தைப்பது, உடையைச் சிறிதாக்குவது போன்ற மீதி வேலைகளைச் சேவைப் பட்டியலிலும் விவரத்திலும் முழு வாக்கியமாக எழுதுங்கள்.

செய்யாத வேலையின் சொல்லைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். தோல் ஜாக்கெட் என்று போட்டால் அந்தத் தேடலில் வருவீர்கள், ஆனால் வேலைப் படங்களில் தோல் இல்லாததைப் பார்த்து யாரும் தொடமாட்டார்கள். அப்படித் தொடப்படாத புரொஃபைலைச் சில தளங்கள் கீழே தள்ளிவிடும்.

மாற்றியபின் இரண்டு வாரம் பொறுத்து, தளம் காட்டினால், புள்ளிவிவரத்தைப் பாருங்கள். எத்தனை முறை காட்டப்பட்டது என்ற எண்ணே குறைவாக இருந்தால் பிரிவிலோ சொல்லிலோ கோளாறு. வேலை செய்யும் பகுதியைச் சரியாகக் குறித்தீர்களா என்றும் பாருங்கள், ஊர் வடிகட்டி உங்களை ஒதுக்கிவிட்டால் எந்தச் சொல்லும் காப்பாற்றாது. நிறையக் காட்டப்பட்டும் யாரும் திறக்கவில்லையென்றால் படத்தையும் தலைப்பையும் கவனியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அப்போதுதான் எது பலித்தது என்று தெரியும்.

பட்டியலுக்குள் வந்தபின் வரிசையைப் பெரும்பாலும் மதிப்புரைகளும், நீங்கள் பதில் போடும் வேகமும் தீர்மானிக்கும். ஒன்று கேட்க விட்டுப்போனது: உங்கள் விசாவில் சுயதொழிலுக்கு அனுமதி இருக்கிறதா? முதல் ஆர்டரை ஏற்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.