15ஹெச் கொடுத்தும் 20 சதவீதம் பிடித்தம்: செயலிழந்த பான் எண்ணை மீட்பது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 61. 2025 ஏப்ரலில் வங்கியில் 18 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டிக்கு வைப்பில் போட்டு, வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று 15ஹெச் படிவமும் கொடுத்தேன். மாதம் 2,800 ரூபாய் ஓய்வூதியம் தவிர வேறு வருமானம் இல்லை. ஆனாலும் ஜூன், செப்டம்பர் என இரண்டு காலாண்டிலும் வட்டி 31,500 ரூபாயில் 6,300 ரூபாயைப் பிடித்துவிட்டார்கள். கேட்டால் "உங்கள் பான் செயலில் இல்லை" என்கிறார்கள். பான் கார்டு 1998இல் வாங்கியது. பிடித்த பணம் திரும்பக் கிடைக்குமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: கிடைக்கும். ஆனால் முதலில் பான் எண்ணைச் சரிசெய்ய வேண்டும். அது முடியாமல் பணம் உங்கள் கைக்கு வராது.

2017 ஜூலை 1ஆம் தேதி பான் வைத்திருந்தவர்கள் அதை ஆதாருடன் இணைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பல முறை நீட்டித்த பிறகு, கடைசி நாளாக 2023 ஜூன் 30ஐ வைத்தார்கள். அதற்குள் இணைக்காதவர்களின் பான் மறுநாளிலிருந்து செயலிழந்துவிட்டது. எண் ரத்தாகவில்லை, வேறொருவருக்குப் போகவும் இல்லை. அது உங்கள் எண்தான். அதனால் புதிய பான் கேட்டு மட்டும் விண்ணப்பித்துவிடாதீர்கள். இரண்டு பான் வைத்திருப்பது தனிக் குற்றம், அதற்கு 10,000 ரூபாய் அபராதம் உண்டு.

செயலிழந்த பானை, பான் கொடுக்காததற்குச் சமமாகவே வங்கி எடுத்துக்கொள்ள வேண்டும். மூத்த குடிமகனான உங்களுக்கு ஆண்டு வட்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் டிடிஎஸ் எனும் வரிப் பிடித்தம். உங்கள் வட்டி 1,26,000 ரூபாய். பான் சரியாக இருந்திருந்தால், 15ஹெச் கொடுத்த பிறகு ஒரு ரூபாய்கூடப் பிடித்திருக்க மாட்டார்கள். 15ஹெச் கொடுக்க மறந்திருந்தாலும் 10 சதவீதம்தான். பான் செயலிழந்ததால் 15ஹெச் செல்லாமல் போய், விகிதமும் 20 ஆகிவிட்டது. இப்படியே விட்டால் மார்ச்சுக்குள் 25,200 ரூபாய் போய்விடும். வங்கியோடு சண்டை போட்டுப் பயனில்லை. குறைவாகப் பிடித்தால் மீதியை அவர்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.

இனி, சரிசெய்யும் வழி. பணம் கட்டுவதற்கு முன்னால் பான் கார்டையும் ஆதார் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பெரும்பாலான இணைப்புகள் தோற்பது இந்த இடத்தில்தான். அதிலும் நம் ஊரில் இனிஷியலால் வரும் தொல்லை அதிகம். பான் விண்ணப்பத்தில் இனிஷியலை ஏற்க மாட்டார்கள். சு. முருகன் என்பவருக்கு அப்பாவின் பெயரை விரித்து 'முருகன் சுப்பிரமணியன்' என்று பான் கார்டு வந்திருக்கும். ஆதாரில் வெறும் 'முருகன் எஸ்' என்று இருக்கும். சிறிய வித்தியாசம் என்றால் ஆதாரில் பதிந்த கைபேசிக்கு வரும் ஓடிபியைக் கொண்டு இணைப்பு நடந்துவிட வாய்ப்புண்டு. பெயர் முழுக்க வேறாகத் தெரிந்தால் இணையாது.

அப்படி ஆனால் எதைத் திருத்துவது? இனிஷியல் மட்டும்தான் சிக்கல் என்றால் ஆதாரைத் திருத்துங்கள் என்பேன். பானில் இனிஷியலைப் போட முடியாது, ஆதாரில் பெயரை விரித்து எழுத முடியும். அதற்குப் பான் கார்டையே ஆதாரமாகக் காட்டலாம். ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறைதான். அதனால் எழுத்துப்பிழை இல்லாமல், வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரையும் பார்த்து ஒரே தடவையில் சரியாகச் செய்துவிடுங்கள். பிறந்த தேதி மாறியிருந்தால் பள்ளிச் சான்றிதழ் எதைச் சொல்கிறதோ, அதற்கு மாறாக உள்ள கார்டைத் திருத்த வேண்டும். உங்கள் வயதுக்காரர்கள் பலரின் ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டும்தான் இருக்கும். அது பிழையில்லை, இணைக்கும்போது அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் டிக் செய்தால் போதும். ஆதாரில் பதிந்த கைபேசி எண் இப்போது உங்களிடம் இல்லையென்றால், ஆதார் மையத்துக்கு நேரில் போய் முதலில் அதை மாற்றுங்கள்.

அப்புறம் eportal.incometax.gov.in தளத்துக்குப் போங்கள். உள்நுழையத் தேவையில்லை. முகப்பிலேயே Link Aadhaar என்று இருக்கும். பான், ஆதார் எண்களைக் கொடுத்தால், தாமதக் கட்டணம் 1,000 ரூபாய் கட்டச் சொல்லி e-Pay Tax பக்கத்துக்கு அனுப்பும். இங்கே கவனம் வேண்டும். கட்டணத்தின் வகையாக Other Receipts (500) என்பதையும், அதன் கீழே Fee for delay in linking PAN with Aadhaar என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். மதிப்பீட்டு ஆண்டாகப் பட்டியலில் இருப்பதிலேயே புதியதை எடுங்கள். சிலர் இதை விட்டுவிட்டு வேறு வரித் தலைப்பில் கட்டிவிடுகிறார்கள். பணம் போயிருக்கும், ஆனால் இணைப்புப் பக்கம் "கட்டணம் கட்டவில்லை" என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

சரியாகக் கட்டிவிட்டீர்களா? நான்கைந்து நாள் பொறுத்து மறுபடி Link Aadhaar பக்கத்துக்கு வாருங்கள். பணம் கட்டியதோடு வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பணம் கட்டுவது பாதி வேலைதான், இணைக்கும் விண்ணப்பத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஆதாரில் உள்ளபடியே பெயரையும் கைபேசி எண்ணையும் கொடுத்து, வரும் ஓடிபியைப் போட்டால் விண்ணப்பம் ஆதார் ஆணையத்தின் சரிபார்ப்புக்குப் போகும். சில நாள் கழித்து Link Aadhaar Status பகுதியில் பாருங்கள். விவரம் ஒத்துப்போகாமல் தோற்றிருந்தால், திருத்திவிட்டு மறுபடி விண்ணப்பிக்கலாம். 1,000 ரூபாயை இன்னொரு முறை கட்ட வேண்டாம். எவ்வளவு முயன்றும் இணையவில்லையென்றால், பான் சேவை மையத்தில் கைரேகை வைத்து இணைக்கும் வசதியும் இருக்கிறது.

இணைந்த அன்றே பான் உயிர்பெறாது. கட்டணம் கட்டி ஆதாரைத் தெரிவித்த நாளிலிருந்து 30 நாள் வரை ஆகலாம். அதனால் டிசம்பர் காலாண்டு வட்டி வருவதற்கு ஒரு மாதமாவது முன்னால் இந்த வேலையை முடித்துவிடுங்கள். அதே தளத்தில் Verify PAN Status பகுதியில் Active என்று வந்ததும், அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், 15ஹெச் படிவத்தைப் புதிதாகக் கொடுங்கள். பழைய படிவம் தானாக உயிர்பெறும் என்று இருக்காதீர்கள்.

பிடித்த 12,600 ரூபாயைக் கேட்டு, 2025-26 நிதியாண்டுக்கான வருமான வரிக் கணக்கை 2026 ஜூலை 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஓய்வூதியமும் வட்டியும் மட்டும் என்பதால் ஐடிஆர்-1 படிவம் போதும். வட்டி, ஓய்வூதியம் இரண்டும் சேர்ந்தாலும் உங்கள் வருமானம் 1,59,600 ரூபாய்தான், அதற்கு வரி கிடையாது. எனவே பிடித்தது முழுவதும் திரும்ப வரும். பான் செயலிழந்திருந்தாலும் கணக்கைத் தாக்கல் செய்ய முடியும், ஆனால் ரீஃபண்ட் வராது. செயலிழந்திருந்த காலத்துக்கு ரீஃபண்ட் மீதான வட்டியும் கிடையாது. தாக்கல் செய்யும் முன், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் 6,300 ரூபாய் இரண்டு முறையும் உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால் டிடிஎஸ் விவரத்தைத் திருத்தித் தாக்கல் செய்யும்படி வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். ரீஃபண்ட் வர வேண்டிய வங்கிக் கணக்கையும் அந்தத் தளத்திலேயே முன்கூட்டிச் சரிபார்த்து வைத்திருக்க வேண்டும்.