விட்டுப்போன ஆண்டின் ரீஃபண்ட்: அது யாருடைய வட்டி?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 68. 2021-22 நிதியாண்டில் வங்கி வைப்புநிதி வட்டி 2,60,000 ரூபாய்க்கு 26,000 ரூபாய் டி.டி.எஸ். பிடித்துவிட்டார்கள். அந்த ஆண்டு அம்மா பல மாதங்கள் சிகிச்சையில் இருந்ததால், டி.டி.எஸ். பிடிக்கவேண்டாம் என்று தரும் 15எச் படிவமும் கொடுக்கவில்லை, வருமான வரி ரிட்டர்னும் தாக்கல் செய்யவில்லை. 2018-19-லும் 14,000 ரூபாய் இப்படியே போனது. மொத்த வைப்பு 46 லட்சத்தில் 16 லட்சம் என் தம்பியுடையது. அதன் வட்டியை அம்மா அவன் கணக்குக்கு அனுப்பிவிடுவார். இன்னும் 10 லட்சத்தை அம்மா பெயரில் போடவேண்டும் என்கிறான். 'அப்டேட்டட் ரிட்டர்ன்' போட்டு எல்லாவற்றையும் வாங்கித் தருவதாக ஒரு முகவர் 20 சதவிகிதம் கமிஷன் கேட்கிறார். பணம் கிடைக்குமா?

பதில்: 2018-19 பணத்தை மறந்துவிடுங்கள். தாமதமாக ரீஃபண்ட் கேட்கும் மனுவுக்கு, மதிப்பீட்டு ஆண்டு முடிந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள்தான் அவகாசம். 2018-19-க்குரிய மதிப்பீட்டு ஆண்டான 2019-20, 2020 மார்ச் 31-ல் முடிந்தது. அதற்கான கதவு 2025 மார்ச் 31-ல் மூடிவிட்டது. முன்பு ஆறு ஆண்டுகள் இருந்ததை, 2024 அக்டோபர் 1 முதல் தரப்படும் மனுக்களுக்கு ஐந்தாகக் குறைத்துவிட்டார்கள். பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு ஆறு என்று நம்பிக் காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2021-22-க்கு 2028 மார்ச் 31 வரை நேரம் இருக்கிறது.

அந்த முகவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். அப்டேட்டட் ரிட்டர்ன் என்பது விட்டுப்போன வருமானத்தைக் காட்டி, மேலும் வரி கட்டுபவர்களுக்கான வழி. ரீஃபண்ட் கேட்கவோ, ஏற்கெனவே கேட்ட ரீஃபண்டைக் கூட்டவோ அதைப் பயன்படுத்த முடியாது என்று சட்டமே சொல்கிறது. உங்கள் குடும்பத்தில் அது யாருக்காவது தேவைப்படும் என்றால் அது உங்கள் தம்பிக்குத்தான். உங்கள் கடிதத்தின் உண்மையான சிக்கலும் அவரிடம்தான் இருக்கிறது.

அம்மாவுக்குரிய வழி, வருமான வரிச் சட்டம் 1961-ன் 119(2)(b) பிரிவு. தாமதத்தை மன்னித்து ரிட்டர்ன் தாக்கல் செய்ய அனுமதிக்கும்படி கேட்பதுதான் அந்த மனு. ஓர் ஆண்டுக்கான கோரிக்கை 1 கோடி ரூபாய்க்குள் இருந்தால் உங்கள் பகுதிக்குரிய முதன்மை ஆணையரோ ஆணையரோ முடிவெடுக்கலாம். அவர் பார்ப்பவை பல. அவற்றில் ஒன்று, காட்டும் வருமானமும் கேட்கும் ரீஃபண்டும் சரியானவையாகவும் உண்மையானவையாகவும் இருக்கவேண்டும் என்பது. அம்மாவின் வங்கிக் கணக்கு அறிக்கையை அதிகாரி கேட்டால், வட்டி வந்ததும் அதில் ஒரு பகுதி மகன் கணக்குக்குப் போவது மாதாமாதம் தெரியும். 'இது யார் பணம்?' என்ற கேள்விக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

கணக்கைத் தோராயமாகப் பார்ப்போம். 46 லட்சத்துக்கு 2,60,000 ரூபாய் வட்டி என்றால், தம்பியின் 16 லட்சத்துக்கு ஏறக்குறைய 90,000. அம்மாவின் 30 லட்சத்துக்கு 1,70,000. மூத்த குடிமகளுக்கு அந்த ஆண்டு 3 லட்சம் வரை வரி இல்லை. எனவே அவருடைய சொந்த வட்டிக்குப் பிடித்த 17,000 ரூபாய் முழுவதும் திரும்ப வரவேண்டியது. மீதி 9,000 ரூபாய் தம்பியின் வருமானத்துக்குப் பிடித்த வரி. அதை அம்மா கேட்பது முறையல்ல. தம்பி 30 சதவிகித அடுக்கில் இருப்பவர் என்றால், 90,000 ரூபாய் வட்டிக்கு அவர் கட்டவேண்டிய வரி செஸ் சேர்த்து ஆண்டுக்கு 28,000 ரூபாய். அம்மாவுக்கு ஒரே ஒரு முறை வரப்போவது 17,000. தம்பி ஒவ்வோர் ஆண்டும் கட்டாமல் விடுவது 28,000. கையெழுத்து மட்டும் அம்மாவுடையது. 15எச் படிவத்தில் 'இது என் வருமானம், எனக்கு வரி வராது' என்று உறுதி கூறுபவரும் அவர்தான்.

மகன் தாய்க்குப் பணத்தைப் பரிசாகக் கொடுக்கலாம், அதற்கு வரி கிடையாது. அதன் பிறகு வரும் வட்டி தாயின் வருமானம்தான். மனைவிக்குக் கொடுத்தால் நடப்பதுபோல அதை மகனின் வருமானத்தோடு சேர்த்துவிட மாட்டார்கள். ஆனால் கொடுத்தது கொடுத்ததாக இருக்கவேண்டும். வட்டி திரும்பிப் போனால், அசலும் ஒருநாள் திரும்பிப் போகும் என்றுதான் பொருள்.

ஆகவே மனுவை 17,000 ரூபாய்க்கு மட்டும், நேர்மையாகப் போடுங்கள். முதலில், பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை 2021-22-க்கு எடுத்து, 26,000 ரூபாயும் அம்மாவின் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லாத பணத்துக்கு மனு போட்டுப் பயனில்லை, முதலில் வங்கியைத் திருத்தச் சொல்லவேண்டும். பிறகு வருமான வரித்துறை இணையதளத்தில் அம்மாவின் கணக்கில் நுழைந்து, `Services` பகுதியில் `Condonation Request` என்பதைத் திறந்து மனுவைப் பதிவு செய்யுங்கள். வருமானக் கணக்கு, வங்கி தந்த 16ஏ டி.டி.எஸ். சான்றிதழ், மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் அறிக்கை ஆகியவற்றை இணையுங்கள். காரணத்தை எழுதும்போது 'எனக்குச் சட்டம் தெரியாது' என்று தொடங்காதீர்கள். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை சிகிச்சை, வீட்டில் கணக்குகளை யார் பார்த்தார்கள், அதற்குப் பிறகும் ஏன் தாமதம் என்று தேதிவாரியாக எழுதுங்கள். சிகிச்சை முடிந்த பிறகு கடந்த காலத்துக்கு ஒரு வரியாவது விளக்கம் வேண்டும். அந்த இடைவெளியைத்தான் பலரும் எழுதாமல் விடுகிறார்கள்.

மனு வந்த மாதம் முடிந்து ஆறு மாதங்களுக்குள், முடிந்தவரை, முடிவெடுக்கவேண்டும் என்பது துறையின் அறிவுரை. இடையில் அதிகாரி விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பலாம். அது இணையதளக் கணக்குக்கும் மின்னஞ்சலுக்கும்தான் வரும், தபால்காரரை எதிர்பார்த்து உட்காராதீர்கள். பதில் சொல்லாத மனு நிராகரிக்கப்பட வாய்ப்பு அதிகம்.

அனுமதி ஆணை வந்ததும் பணம் வந்துவிடாது. அந்த ஆணையின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, 119(2)(b) பிரிவின் கீழ் என்பதைத் தேர்ந்தெடுத்து, 2022-23 மதிப்பீட்டு ஆண்டுக்கான ரிட்டர்னைத் தாக்கல் செய்து, 30 நாள்களுக்குள் சரிபார்க்கவேண்டும். அம்மாவின் வங்கிக் கணக்கு அதற்குமுன் இணையதளத்தில் சரிபார்க்கப்பட்டிருக்கவேண்டும். பணம் அவர் கணக்குக்கு மட்டுமே போகும். இப்படித் தாமதமாகக் கேட்கும் ரீஃபண்டுக்கு வட்டியை எதிர்பார்க்க முடியாது. ரீஃபண்ட் 'வரப்போகிறதே' என்று நம்பி முன்கூட்டியே செலவோ கடனோ செய்யவேண்டாம்.

தம்பியின் 10 லட்சத்துக்கு இப்போதே 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். பழைய 16 லட்சத்தை, வைப்பு முதிரும் நாளில், அவர் கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். கடந்த ஆண்டுகளின் வட்டிக்கு அவர் ஒரு ஆடிட்டரிடம் சென்று, கூடுதல் வரியோடு அப்டேட்டட் ரிட்டர்ன் போட வழியிருக்கிறதா என்று கேட்கட்டும். 2021-22-க்கு அந்தக் கெடு 2027 மார்ச் 31.