மோட்டார் உறுமுது, சுத்தலை: காயிலைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள்

கேள்வி: வீட்டு 1 ஹெச்.பி. மோனோபிளாக் மோட்டார், சுவிட்ச் போட்டால் ‘ம்ம்ம்’னு உறுமுது, சுத்த மாட்டேங்குது. கண்டன்சர் மாத்தியாச்சு, அப்பவும் அதேதான். காயில் போச்சு, ரீவைண்டிங் பண்ணணும்னு சொல்றாங்க. உண்மையா?

பதில்:

இருக்கலாம். ஆனால் உறுமல் வருகிறது என்றாலே ரன்னிங் காயிலுக்குக் கரண்ட் போய்க்கொண்டிருக்கிறது. எரிந்த வார்னிஷ் வாடை இல்லை, ஃபியூஸும் போகவில்லை என்றால் காயிலைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று: லோடு ஜாம், கண்டன்சர், சி.எஃப். சுவிட்ச் (சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச்).

சிங்கிள் ஃபேஸில் ரன்னிங் காயில் மட்டும் வேலை செய்தால் காந்தப்புலம் நின்ற இடத்திலேயே கூடிக் குறையுமே தவிர சுழலாது. சைக்கிள் பெடல் நேர் உச்சியில் நிற்கும்போது மிதிப்பது மாதிரி: பலம் இருக்கிறது, திரும்பத் திசை இல்லை. அந்தத் திசையைக் கொடுப்பது ஸ்டார்ட்டிங் காயில். மோட்டார் வேகம் எடுத்ததும் அதைக் கழற்றிவிடுவது சி.எஃப். சுவிட்ச். கண்டன்சர், சி.எஃப். சுவிட்ச், ஸ்டார்ட்டிங் காயில் மூன்றும் ஒரே வரிசையில் இருப்பதால் எது விட்டுப்போனாலும் வெளியே கேட்பது அதே உறுமல்தான். அதனால் சத்தத்தை வைத்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இப்போதே ஒன்று: சோதனை என்று சொல்லி உறுமவிட்டுக்கொண்டே இருக்காதீர்கள். சுற்றாத மோட்டார் வழக்கமான கரண்ட்டைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வேண்டாம். நல்ல காயிலும் இந்தச் சோதனையிலேயே எரிந்துபோகலாம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்க ஃபேன் கவரைக் கழற்றி, விசிறியைக் கையால் திருப்பிப் பாருங்கள். ஒரு முழுச் சுற்றும் ஒரே சீராக, லேசான பிடிப்போடு வர வேண்டும். திரும்பவே இல்லை, அல்லது ஒரு இடத்தில் மட்டும் இறுகுகிறது என்றால் லோடு ஜாம். மழைக்காலம் முழுக்க ஓட்டாமல் விட்ட பம்புகளில் இம்பெல்லர் கேசிங்கோடு துருவேறிப் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்கல் சீல் ஒட்டிக்கொள்ளும். புதிதாகக் கயிறு வைத்த கிளாண்டை யாராவது அளவுக்கு மேல் இறுக்கியிருப்பார்கள். கேசிங் போல்ட்டுகளைக் கழற்றிப் பம்பைப் பிரித்துவிட்டுத் திரும்பவும் திருப்புங்கள். இப்போது சுலபமாக வந்தால் பிடிப்பு பம்பில். அப்போதும் இறுக்கம் என்றால் பேரிங்கில்.

இதில் ஏமாற்றுகிற ஒரு வகை உண்டு. கையால் திருப்பினால் வெண்ணெய்யாகச் சுற்றும், கரண்ட் கொடுத்ததும் பிடித்துக்கொள்ளும். பேரிங் தேய்ந்து ரோட்டாரைக் காந்தம் ஒரு பக்கமாக இழுத்து ஸ்டேட்டரில் ஒட்டவைக்கிறது என்று அர்த்தம். ஷாஃப்ட்டை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரியும். பிரித்துப் பார்த்தால் ரோட்டாரில் ஒரு பட்டை மட்டும் பளபளவென்று உரசியிருக்கும்.

ஷாஃப்ட் நன்றாகத் திரும்புகிறதா? அப்படியானால் வோல்டேஜை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஸ்டார்ட்டிங் பலம் வோல்டேஜின் வர்க்கத்தோடு போவதால், 230 இருக்க வேண்டிய இடத்தில் 170 வந்தால் பலம் பாதியை ஒட்டி இறங்கிவிடும். மாலையில் உறுமி, விடியற்காலையில் ஓடுகிற மோட்டாருக்கு வேறு வைத்தியம் தேவையில்லை.

அடுத்தது கண்டன்சர். உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது இதுதான்: மாற்றியது எந்த அளவு? ஒரு ஹெச்.பி. மோனோபிளாக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் 20, 25 மைக்ரோ ஃபாரட், 440 வோல்ட் கண்டன்சர் எப்போதும் இணைப்பிலேயே இருக்கும், அதில் சி.எஃப். சுவிட்சே கிடையாது. இன்னொன்றில் 100 முதல் 120 மைக்ரோ ஃபாரட் வரையிலான ஸ்டார்ட்டிங் கண்டன்சர், கூடவே சி.எஃப். சுவிட்ச். இந்த இரண்டாவது வகைக்கு முதல் வகைக் கண்டன்சரைப் போட்டால் புதுசே ஆனாலும் உறுமத்தான் செய்யும். கழற்றிய பழையதின் மேல் எழுதியிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். கண்டன்சரைத் தொடும் முன் ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் அதன் முனைகளில் வைத்து சார்ஜை இறக்குங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் பண்ணுவது வீரமெல்லாம் இல்லை. கண்டன்சர் அளக்கும் மீட்டரில், எழுதியிருப்பதில் ஐந்தில் நாலு பங்குக்குக் கீழே காட்டினால் தூக்கிப்போடலாம்.

கண்டன்சர் சரியென்றால் மோட்டாரைப் பிரிக்காமலே ஒரு சோதனை செய்யலாம். பிளக் வெளியே, கண்டன்சர் கழற்றியாச்சு. மீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு இடத்தில் அளங்கள். முதலில் மெயின் ஒயர் வருகிற இரண்டு டெர்மினலுக்கு நடுவே. அது ரன்னிங் காயில். அப்புறம், கண்டன்சருக்கு வந்த இரண்டு ஒயருக்கு நடுவே. இந்த இரண்டாவது பாதை ரன்னிங் காயில், ஸ்டார்ட்டிங் காயில், சி.எஃப். சுவிட்ச் மூன்றையும் வரிசையாகத் தொட்டு வருகிறது. நின்றிருக்கும் மோட்டாரில் சுவிட்ச் மூடியிருக்க வேண்டும் என்பதால், முதல் அளவைவிடக் கூடுதலாக ஓர் அளவு வந்தால் சுவிட்ச், காயில்கள் எதுவும் அறுந்துபோகவில்லை. முதலாவது வருகிறது, இரண்டாவதில் மட்டும் மீட்டர் OL, அதாவது பாதை விட்டுப்போயிருக்கிறது என்று காட்டினால் சுவிட்ச் அல்லது ஸ்டார்ட்டிங் காயில் அறுந்திருக்கிறது.

பக்கத்துத் தெருவில் உங்கள் பிரச்சினையே வந்தது. கண்டன்சர் புதுசு, ஷாஃப்ட் ஃப்ரீ. மெயினில் மூன்றரை ஓம்ஸ், கண்டன்சர் ஒயர்களில் OL. அதையும் ரீவைண்டிங்குக்கு எழுதிவைத்திருந்தார்கள். ஃபேன் பக்க மூடியைத் திறந்தால் சி.எஃப். சுவிட்ச் பாயின்டுகளுக்கு நடுவே எறும்புக் கூட்டம் கருகி அப்பியிருந்தது. சுவிட்சின் இரண்டு முனைகளிலும் நேராக மீட்டர் வைத்தால் அங்கேயும் OL; ஆக ஸ்டார்ட்டிங் காயிலைக் குறை சொல்ல வழியில்லை. நைஸ் எமரித் தாளால் பாயின்டுகளைத் தேய்த்து, துணியால் துடைத்த பிறகு கண்டன்சர் ஒயர்களில் பன்னிரண்டரை ஓம்ஸ் வந்தது. மூடிப் போட்டதும் எடுத்துக்கொண்டது.

பாயின்ட் சுத்தமாக இருந்தும் OL வருமானால், ஷாஃப்டில் சுற்றும் பாகத்தைப் பாருங்கள். ஸ்பிரிங் தளர்ந்தோ, அந்தப் பாகம் ஷாஃப்டில் சற்றே நகர்ந்தோ இருந்தால் பாயின்டை அழுத்திச் சேர்க்காது. நல்ல மோட்டாரை நிறுத்தும்போது வேகம் குறைகையில் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். சுவிட்ச் திரும்பச் சேரும் சத்தம் அது. கடைசியாக ஓடிய அன்று அது கேட்டதா என்று வீட்டில் விசாரியுங்கள்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. பாயின்ட் ஒட்டிக்கொண்டு பிரியாவிட்டால் மோட்டார் எடுத்துக்கொள்ளும், ஆனால் ஸ்டார்ட்டிங் கண்டன்சர் சூடாகி வெடிக்கும். அது சில விநாடி வேலைக்கென்றே செய்தது. முழு வேகத்தின் முக்கால் பங்கில் சுவிட்ச் அதைக் கழற்றிவிட வேண்டும். கண்டன்சர் போட்டுப் போட்டு வெடிக்கிறது என்றால் கடைக்காரரைத் திட்டாமல் சுவிட்சைப் பாருங்கள்.

விசிறியைக் கையால் சுழற்றிவிட்டு சுவிட்ச் போடும் பழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது. ஓடிவிட்டால் ஸ்டார்ட்டிங் பக்கம்தான் கோளாறு என்பது உண்மை. ஆனால் சீல் பிடிப்பால் பம்பு ஷாஃப்ட் உடனே நின்றுவிடும், ஓடாததற்கு அர்த்தம் சொல்ல முடியாது. கரண்ட் இருக்கும்போது விரலை உள்ளே விடுவதைவிட ஓம்ஸ் மீட்டர் மலிவு.

சுவிட்சின் இரண்டு முனைகளிலும் மீட்டர் பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டியும், கண்டன்சர் ஒயர்களில் OL தான் என்றால் அப்போது சொல்லலாம்: ஸ்டார்ட்டிங் காயில் அறுந்திருக்கிறது, வைண்டிங் கடைக்குத்தான் போக வேண்டும்.