ஒப்புக்குச் சப்பாணி யார்?

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டக் குடியிருப்புப் பிள்ளைகள் 17 பேருக்கு மாலையில் விளையாட்டு நடத்துகிறேன். யாரையோ தினமும் ஒதுக்குகிற மாதிரி இருக்கிறது, வீட்டுக்குப் போய் யோசித்தால் யாரென்று ஞாபகம் வருவதில்லை. குறிப்பு எழுதி வை என்கிறார்கள். என்ன எழுதுவது அக்கா?
– வாசகி, ஏற்காடு

பதில்: ஓரமாக உட்கார்ந்திருக்கிற பிள்ளை எல்லார் கண்ணிலும் படும் தங்கச்சி. தப்பிப்பது ஒப்புக்குச் சப்பாணிதான். அது ஆட்டத்துக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் அதைத் தொட்டால் அவுட் கிடையாது, அது தொட்டாலும் கணக்கில் வராது. தலையை எண்ணினால் 17 சரியாக இருக்கும், நமக்கும் நிம்மதி.

உத்தி பிரிக்கும்போது கவனியுங்கள். தலைவர் இரண்டு பேர் போக 15 பேர் ஜோடி சேர்ந்தால் 7 ஜோடி, ஒருவர் மிச்சம். ஒற்றைப்படை வந்தால் யாராவது மிஞ்சத்தான் செய்வார்கள், அது தப்பில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதே பிள்ளை மிஞ்சுகிறதா என்பதுதான் விஷயம், அதற்குத்தான் நோட்டு.

மலையில் சீக்கிரம் இருட்டிவிடும், தெரியும். இருந்தாலும் பிள்ளைகள் கிளம்பியதும் அங்கேயே உட்கார்ந்து 5 நிமிஷம் எழுதிவிடுங்கள், வீட்டுக்குப் போனால் பாதி மறந்துபோகும். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது மட்டும் போதும். சேலம் அம்மாப்பேட்டையில் நான் நடத்தியபோது ஒரு பெண்ணைப் பற்றி இரண்டு வாரம் "ம. கூச்சம்" என்றே எழுதி வைத்திருந்தேன், உருப்படியாக ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் இப்படி எழுதினேன்:

"திங்கள், கிளித்தட்டு. உத்தியில் ம. மிச்சம். 'நீ சும்மா ஓடு' என்றான் தலைவன். இரண்டு தடவை கோட்டைத் தாண்டினாள், தொட யாரும் கை நீட்டவில்லை."

"புதன், கல்லாங்காய். நாலு பேரோடு உட்கார்ந்தாள். மூணாங்காய் வரை போனாள், சத்தமாகச் சிரித்தாள்."

"வெள்ளி, கிளித்தட்டு. மறுபடி ம. மிச்சம். தண்ணீர் குடிக்கப் போனவள் திரும்பவில்லை."

கூச்சமாவது ஒன்றாவது! வருஷ நடுவில் வந்து சேர்ந்தவள், ஜோடி சேர ஆளில்லை, அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து உயரம் பார்த்து நானே ஜோடி போட்டேன், மிஞ்சுகிறவர் நடுவர், அதுவும் முறை வைத்து. அவளைத் தொட்டு அவுட்டாக்க ஆரம்பித்தார்கள். ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு அவளைக் கூப்பிட்டுப் பேச ஆள் வர இன்னும் நாளானது, அது ஜோடி போடுவதால் வருகிற காரியம் இல்லை.

தனியாக இருக்கப் பிடித்த பிள்ளையும் உண்டு. அதன் கண் தன் கையில் இருக்கிற குச்சியிலோ மண்ணிலோ இருக்கும். ஒதுக்கப்பட்டதன் கண் ஆட்டத்தின் மேலேயே இருக்கும், கால் கோட்டை ஒட்டி நிற்கும். "நானும் வரட்டா" என்று கேட்டதா, என்ன பதில் கிடைத்தது என்பதையும் எழுதுங்கள்.

17 பேரையும் தினம் எழுத வேண்டாம், நாலைந்து பேர் போதும். மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டி, ஒரு தடவைகூட எழுதப்படாத பெயர் எது என்று பாருங்கள். அந்தப் பிள்ளையை விட்டுவிட்டது மற்ற பிள்ளைகள் இல்லை, நீங்கள்.