ஆயாவுக்கு பான் இல்லை, வாடகை ரசீதை கம்பெனி ஏற்க மறுக்கிறது

கேள்வி: மணலியில் ஒரு தனியார் தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறேன். திருவொற்றியூர் தேரடி பக்கம் மாடி வீட்டில் மாதம் 22,000 ரூபாய் வாடகை. கீழ்வீட்டில் வீட்டுக்கார ஆயா இருக்கிறார், 71 வயது. அவருக்கு பான் கிடையாது. வாடகையை அவர் மகன் நம்பருக்கு ஜீபே செய்கிறேன். ரசீதில் மகனே ஆயா பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருகிறார். இந்தப் பிப்ரவரியில் ஹெச்.ஆரில், "பான் இல்லாமல் சிஸ்டம் எடுக்காது, ரசீது ஒருவர் பெயரில், பணம் போனது இன்னொருவருக்கு" என்று சொல்லி எல்லாவற்றையும் திருப்பிவிட்டார்கள். மகனுடைய பானைப் போட்டுவிடு என்கிறார் உடன் வேலை செய்பவர். போடலாமா? சம்பளச் சீட்டையும் ரசீதுகளையும் இணைத்திருக்கிறேன். மதுரையில் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்கு லோன் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் ஏதாவது சிக்கல் வருமா? — பெயர் வேண்டாம், திருவொற்றியூர்

பதில்: போடாதீர்கள். வரி விலக்குக்காக நீங்கள் கம்பெனியிடம் கொடுக்கும் 12பிபி படிவத்தில் எழுதும் வீட்டுக்காரர் பான், கம்பெனியின் நான்காம் காலாண்டு டிடிஎஸ் கணக்கில் ஏறி வருமான வரித்துறைக்குப் போகிறது. மகன் உங்களிடம் வருடத்துக்கு 2,64,000 ரூபாய் வாடகை வாங்கினார் என்று நீங்களே துறைக்கு எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அவர் தன் ரிட்டனில் அதைக் காட்டியிருக்க மாட்டார். நாளைக்கு அவருக்குக் கேள்வி வந்தால், "அது அம்மா வீடு, அம்மா வாடகை" என்றுதான் சொல்வார். சொல்வதும் உண்மை. அப்போது பொய் சொன்னவர் நீங்கள் ஆகிறீர்கள். 12பிபி-யின் அடியில் "மேலே கண்டவை உண்மை" என்று கையெழுத்துப் போடுவதும் நீங்கள்தான்.

ஹெச்.ஆர். சொன்னதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. பான் விஷயத்தில் அவர்கள் சொல்வது தவறு. ரசீது விஷயத்தில் அவர்கள் சந்தேகப்பட்டது சரி.

முதலில் பான். ஹெச்.ஆர்.ஏ. என்கிற வாடகைப் படிக்கு வரி விலக்கு தருவது 1961-ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் 10(13ஏ) பிரிவு. 2026 மார்ச் வரை வாங்கும் சம்பளத்துக்கு அந்தச் சட்டம்தான். அது கேட்பது இரண்டே விஷயம்: நீங்கள் உண்மையிலேயே வாடகை கொடுத்திருக்க வேண்டும், நீங்கள் குடியிருக்கும் வீடு உங்களுடையதாக இருக்கக்கூடாது. மதுரை வீடு உங்களுடையதாக இருந்தாலும் நீங்கள் குடியிருப்பது திருவொற்றியூரில், அதனால் அது தடையே இல்லை. வீட்டுக்காரருக்கு பான் இருந்தால்தான் விலக்கு என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. பான் என்பது, வருட வாடகை 1,00,000 ரூபாயைத் தாண்டினால் கம்பெனி உங்களிடம் கேட்டு வாங்க வேண்டிய விவரம். அவ்வளவுதான்.

அந்த ஒரு லட்ச வரம்பைக் கொண்டுவந்தது மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 8/2013 எண் சுற்றறிக்கை, தேதி 2013 அக்டோபர் 10. பானைக் கேட்கச் சொன்ன அதே சுற்றறிக்கை, வீட்டுக்காரருக்கு பான் இல்லையென்றால் அதை அவரே எழுதிக்கொடுத்த உறுதிமொழியை, அவர் பெயர் முகவரியுடன், ஊழியர் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் ஹெச்.ஆர். முதல் பாதியோடு நின்றுவிட்டார்கள். சிஸ்டம் எடுக்காது என்பதும் கம்பெனியின் சம்பள சாஃப்ட்வேரை அமைத்த விதம்தான். டிடிஎஸ் படிவம் 24க்யூ-வில் வீட்டுக்காரருக்கு பான் இல்லாத நிலையைக் காட்ட வழி இருக்கிறது. கம்பெனியின் ஆடிட்டரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லி, சுற்றறிக்கை எண்ணையும் தேதியையும் போட்டு மெயில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சாக விட்டுவிடாதீர்கள்.

"பான் இல்லாமல் எப்படி ஒரு வீட்டுக்காரர் இருக்க முடியும்?" என்றும் கேட்பார்கள். ஆயாவின் கணக்கைப் பாருங்கள். வருட வாடகை 2,64,000. இதில் முப்பது சதவீதம், அதாவது 79,200 ரூபாய், பராமரிப்புக்கென்று சட்டமே கழித்துவிடுகிறது. மிச்சம் 1,84,800. கட்டிய வீட்டு வரியைக் கழித்தால் இன்னும் குறையும். அறுபது வயதைத் தாண்டியவருக்குப் பழைய முறையில் 3 லட்சம் வரை, புதிய முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. வேறு வருமானம் இல்லாத ஆயாவுக்கு, வாடகை வாங்குகிறார் என்பதற்காக மட்டும் பான் எடுக்க வேண்டிய கட்டாயம் வருவதில்லை. ஆனால் தெருப்பக்கம் கடை ஏதாவது வாடகைக்கு விட்டிருக்கிறாரா, பேங்கில் பெரிய டெபாசிட் இருக்கிறதா என்று பக்குவமாக ஒரு வார்த்தை கேளுங்கள். எல்லாம் சேர்ந்து வரம்பைத் தாண்டினால் அவர் பான் எடுத்தே ஆக வேண்டும்.

ஆயாவுக்கு விருப்பம் இருந்தால் ஆதாரை வைத்து உடனடி இ-பான் எடுக்கலாம், கட்டணம் கிடையாது. ஆதாரோடு மொபைல் எண் இணைந்திருக்க வேண்டும், முழுப் பிறந்த தேதியும் இருக்க வேண்டும். இந்த வயதுக்காரர்கள் பலரின் ஆதாரில் வருடம் மட்டும்தான் இருக்கும், அங்கேயே வேலை நின்றுவிடும். அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். உங்களுக்கு அது தேவையும் இல்லை.

அப்புறம் ரசீது. நீங்கள் அனுப்பிய பத்து ரசீதுகளையும் பார்த்தேன். பத்தும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே அழுத்தம். ஏப்ரல் ரசீதும் ஜனவரி ரசீதும் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியவை என்று பார்த்ததும் தெரிகிறது. அதையாவது விளக்கிவிடலாம், பல வீடுகளில் பிப்ரவரியில்தான் ரசீது எழுதுகிறார்கள். கையெழுத்துதான் பெரிய பிரச்சினை. மகன் "அம்மாவுக்காக" என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டிருந்தால் அது செல்லும். தாயின் பெயரைத் தானே கையெழுத்தாகப் போட்டிருக்கிறார். அந்த ரசீதுகளை இனி எங்கும் காட்டாதீர்கள். பழைய தேதி போட்டுப் புதிதாக எழுதவும் வேண்டாம். ஒரு தவறை மறைக்கப் போய், இருக்கிற நல்ல சாட்சியையும் கெடுத்துக்கொள்வீர்கள்.

உங்களிடம் உள்ள நல்ல சாட்சி ஜீபே பணம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட். மாதாமாதம் 22,000 ஒரே எண்ணுக்குப் போயிருக்கிறது. அந்தப் பணம் ஆயாவின் வாடகைதான் என்று இணைத்துக்காட்ட ஒரு தாள் போதும். அதை ஆயா இன்றைய தேதியிலேயே கொடுக்கலாம், பான் உறுதிமொழியையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். இப்படி எழுதுங்கள்:

"திருவொற்றியூர், இன்ன தெரு, இன்ன எண் வீட்டின் முதல் மாடியை இன்னாருக்கு மாதம் 22,000 ரூபாய் வாடகைக்கு விட்டிருக்கிறேன். 2025 ஏப்ரல் முதல் இன்றுவரை உள்ள வாடகை முழுவதும், என் சொல்படி, என் மகன் இன்னாரின் வங்கிக் கணக்கு மூலம் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. எனக்கு வருமான வரித்துறையின் பான் எண் இல்லை."

கீழே மாதவாரியாகத் தேதி, தொகை, பணம் அனுப்பிய குறிப்பு எண் என்று ஒரு பட்டியல். ஆயா கையெழுத்துப் போடுபவர் என்றால் போடட்டும். கைநாட்டு என்றால் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்து, "படித்துக் காட்டி, புரிந்துகொண்டு வைத்தது" என்று எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒருவர் மகனாக இருந்தால் நல்லது, பணம் தன் கணக்கில் வந்ததை அவரும் ஒப்புக்கொண்டதாகும். ஆயாவின் ஆதார் நகல், வீட்டு வரி ரசீது, உங்கள் வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றையும் சேர்த்துவிடுங்கள். வீட்டு வரி இன்னும் காலமான கணவர் பெயரிலேயே வந்துகொண்டிருந்தால், வீட்டை வாடகைக்கு விட்டு வாடகை வாங்குவது ஆயாதான் என்று ஒரு வரி கூடச் சேருங்கள். வடசென்னையில் பழைய வீடுகளில் பாதி இப்படித்தான் இருக்கும்.

இதில் எவ்வளவு பணம் இருக்கிறது என்றும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இந்த விலக்கு பழைய வரி முறையில் மட்டும்தான் உண்டு. உங்கள் அடிப்படைச் சம்பளம் அகவிலைப்படியோடு மாதம் 70,000, வருடத்துக்கு 8,40,000. வாங்கும் ஹெச்.ஆர்.ஏ. 3,00,000. கொடுத்த வாடகையில் சம்பளத்தின் பத்து சதவீதத்தை, அதாவது 84,000-ஐக் கழித்தால் 1,80,000. சென்னைக்கு உரிய ஐம்பது சதவீதம் 4,20,000. மூன்றில் குறைவானது 1,80,000, அதுதான் விலக்கு.

மொத்தச் சம்பளம் 16,50,000. நிலையான கழிவு 50,000, 80சி 1,50,000, மதுரை வீட்டு வட்டி 2,00,000, உங்களுக்கும் பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு 75,000, என்.பி.எஸ். 50,000, இந்த வாடகை விலக்கு எல்லாம் போக, பழைய முறையில் வரி 1,01,500. புதிய முறையில் 1,16,250. கம்பெனி உங்களைப் பழைய முறையில் வைத்துக்கொண்டு வாடகையை மட்டும் நிராகரித்தால் 1,50,000. இவற்றின் மேல் நான்கு சதவீத செஸ். ஆக நிராகரிப்பால் மார்ச்சில் கூடுதலாகப் பிடிக்கப்படுவது ஐம்பதாயிரத்தை ஒட்டி வரும். ஆனால் புதிய முறைக்குப் போனாலும் நீங்கள் இழப்பது சுமார் பதினைந்தாயிரம்தான். இதைத் தெரிந்துகொண்டு பேசினால் பதற்றம் குறையும். உங்கள் நண்பர்களில் மொத்தச் சம்பளம் 12,75,000-க்குள் வாங்குபவர்களுக்கு 2025-26-இல் புதிய முறையில் வரியே வராது. அவர்கள் இந்த ரசீதுக்கெல்லாம் அலைய வேண்டாம்.

தாளைக் கொடுத்த பிறகும் ஹெச்.ஆர். மறுத்தால் சண்டை போடாதீர்கள். கூடுதலாகப் பிடித்தால் பிடித்துக்கொள்ளட்டும், அவர்கள் மறுத்ததால் உங்கள் உரிமை போய்விடாது. ரிட்டனில் நீங்களே அந்த 1,80,000-ஐக் கழித்து, அதிகமாகப் பிடித்ததைத் திரும்பக் கேட்கலாம். தேதி மட்டும் முக்கியம்: பழைய முறையைத் தேர்ந்தெடுத்து, கெடுவுக்குள், வழக்கமாக ஜூலை 31-க்குள், தாக்கல் செய்துவிட வேண்டும். தாமதமாகப் போட்டால் புதிய முறைதான், அதில் ஹெச்.ஆர்.ஏ. விலக்கு கிடையாது. ஃபார்ம் 16-இல் இல்லாத விலக்கை ரிட்டனில் கேட்பதால் துறை விளக்கம் கேட்கலாம். ஆயாவின் தாள், பேங்க் ஸ்டேட்மென்ட், ஹெச்.ஆர். மெயில் மூன்றையும் ஒரே ஃபைலில் போட்டு ஆறேழு வருடம் வைத்திருங்கள். இதுவே பொய்யான பானோ ரசீதோ வைத்துக் கேட்டது என்று தெரிந்தால், ஏய்த்த வரியைப் போல இரு மடங்கு அபராதம் போட 270ஏ பிரிவு இடம் தருகிறது.

மார்ச் மாத வாடகையிலிருந்தே பணத்தை ஆயாவின் கணக்குக்கு அனுப்புங்கள். பென்ஷனோ கேஸ் மானியமோ வரும் ஒரு பாஸ்புக் அவரிடம் அநேகமாக இருக்கும். ரொக்கமாகக் கேட்டால், 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீது என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அன்றைய தேதியிலேயே ஆயாவின் கையெழுத்தையோ கைநாட்டையோ வாங்கிக்கொள்ளுங்கள்.