செட்டில்மென்ட்டுக்குப் பிறகு ஸ்கோர் எப்போது ஏறும்?

"கோத்தகிரியில் சின்ன தேயிலைத் தோட்டம். கடன் தவணை நின்றுபோய், போன வருடம் வங்கியோடு குறைந்த தொகைக்குப் பேசி செட்டில்மென்ட் செய்தேன். சிபில் ஸ்கோர் 540. திரும்பக் கடன் எப்போது கிடைக்கும்?"

முதலில் சிபில் அறிக்கையில் அந்தக் கணக்கைப் பாருங்கள். 'செட்டில்டு' என்றிருந்தால் அது 7 வருடம் வரை நிற்கும். அதைப் பார்த்தே பல மேனேஜர்கள் ஃபைலை மூடிவிடுவார்கள். வங்கி விட்டுக்கொடுத்த மீதியைக் கட்ட முடிந்தால் கட்டி, நிலுவையில்லாச் சான்று வாங்கி, 'குளோஸ்டு' என மாற்றச் சொல்லுங்கள். பழைய தாமதங்கள் அப்போதும் அழியாது.

அப்புறம், டெபாசிட்டின் பேரில் ஒரு கிரெடிட் கார்டு. குன்னூரில் நான் 20,000 போட்டேன், 16,000 லிமிட் தந்தார்கள். மாதம் 4,000 ரூபாய்க்குள் உரமும் பெட்ரோலும் மட்டும். கெடுவுக்கு முன்பே முழுசாகக் கட்டிவிடுவேன். ஆறு மாதம் ஸ்கோர் பெரிதாக ஒன்றும் அசையவில்லை. 700 தொட இரண்டு வருடம் ஆனது. அதுவரை வேறெங்கும் விண்ணப்பிக்காதீர்கள், விண்ணப்பித்ததும் வங்கி செய்யும் ஒவ்வொரு விசாரணையும் அறிக்கையில் ஏறும்.